ஒட்டு வினாவும் குரலின் போக்கும்

ஒரு செய்தியைச் சொல்லி முடித்த கையோடு, எதிரே இருப்பவர் அதை ஒப்புக்கொள்கிறாரா, மறுக்கிறாரா என்று அறியும்பொருட்டு, வாக்கியத்தின் கடைசியில் ஒரு சிறு வினாவை ஒட்டிவிடும் வழக்கம் உலகத்துப் பாஷைகள் பலவற்றில் உண்டு. நாம் ‘அல்லவா’ என்றும், ‘இல்லையா’ என்றும், ‘தானே’ என்றும் சொல்லுவது இந்த வகையைச் சேர்ந்தது. ஆங்கிலத்தில் இதற்குக் கொஸ்டின் டேக் என்று பெயர். இக்கட்டுரையில் ஒட்டு வினா என்று வழங்குவோம். நம் பள்ளிக்கூடங்களில் இது வெகுகாலமாகக் கற்பிக்கப்பட்டு வருகிறது; வினாத்தாளில் வாக்கியத்தைக் கொடுத்து, அதன் கடைசியில் கோடிட்ட இடத்தை நிரப்பச் சொல்லுகிறார்கள்; மாணவரும் சரியாக நிரப்பி மதிப்பெண் பெறுகிறார். ஆயினும் அந்தக் கோடிட்ட இடத்தில் எழுதப்படுவது ஒட்டு வினாவின் உருவம் மாத்திரமே. கேட்பவர் மெய்யாகவே அறியாமல் கேட்கிறாரா, அறிந்ததற்கு நம்மிடம் ஆமோதிப்பை நாடுகிறாரா என்ற அதன் பொருள், எழுத்தில் ஏறாமல் குரலின் ஏற்ற இறக்கத்தில் தங்கியிருக்கிறது. இவ்விரண்டையும் ஒரே வாக்கியத்தைக் கொண்டு பார்ப்போம்.

சென்னையிலிருந்து இரவில் புறப்பட்ட மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ், விருத்தாசலமும் அரியலூரும் கடந்து, விடியும் முன்னே லால்குடிப் பக்கம் வந்துகொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கொள்ளிடத்துப் பாலம் தாண்டினால் ஸ்ரீரங்கம். அதன் பிறகு காவேரியைக் கடந்து திருச்சிராப்பள்ளி. மேல் பெர்த்திலிருந்து இறங்கிய பிரயாணி ஒருவர், எதிரில் அமர்ந்திருப்பவரைப் பார்த்து, ‘திஸ் ட்ரெயின் ஸ்டாப்ஸ் அட் ஸ்ரீரங்கம், டஸன்ட் இட்?’ என்கிறார். முதற்பகுதி, இந்த வண்டி ஸ்ரீரங்கத்தில் நிற்கும் என்ற செய்தி. பின்பகுதியான ‘டஸன்ட் இட்’ ஒட்டு வினா. இந்த இரண்டே சொற்கள் அமைவதற்கு ஆங்கிலம் பேசுகிறவர் மனத்தில் மூன்று காரியங்கள் நடந்தாக வேண்டும்.

முதலாவது, வாக்கியத்தின் எழுவாய்க்கு ஏற்ற பிரதிப்பெயரைத் தேர்ந்துகொள்ளுவது. வண்டி அஃறிணை ஆதலால் ‘இட்’ வந்தது. கார்டைப் பற்றிய பேச்சாயின் ‘ஹி’ அல்லது ‘ஷி’ வந்திருக்கும். பிரயாணிகளைப் பற்றியதாயின் ‘தே’ வந்திருக்கும். இரண்டாவது, வாக்கியத்திலுள்ள துணைவினையைக் கண்டுபிடித்து அதையே மறுபடி எடுத்து வைப்பது. ‘இஸ்’, ‘ஹாஸ்’, ‘வில்’, ‘கேன்’ முதலியவற்றில் ஏதேனும் ஒன்று வாக்கியத்தில் இருந்தால் அதுவே ஒட்டு வினாவிலும் வரும். ‘ஸ்டாப்ஸ்’ என்ற வினையிலோ துணைவினை வெளிப்படையாக இல்லை. அத்தகைய இடங்களில், கேள்வி கேட்கும்போது எப்படி ‘டஸ்’ தோன்றுகிறதோ அப்படியே இங்கும் தோன்றுகிறது. இறந்தகாலமாயின் ‘டிட்’ தோன்றும். மூன்றாவது, உடன்பாட்டை எதிர்மறையாகவும் எதிர்மறையை உடன்பாடாகவும் மாற்றுவது. வண்டி நிற்கும் என்றால் ‘டஸன்ட் இட்’. நிற்காது என்று தொடங்கினால் ‘டஸ் இட்’. இந்த மூன்றையும் சேர்த்து வாக்கியம் முடிவதற்குள் செய்து முடிக்க வேண்டியிருப்பதால், இலக்கணம் நன்கு அறிந்தவர்கள்கூடப் பேச்சின் வேகத்தில் தடுமாறுவது இயல்பு.

தடுமாற்றம் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத உறுப்புக்களால் நேர்கிறது. ‘ஹீஸ் கோயிங் டு லால்குடி’ என்பதில் ‘ஹி’ என்பதோடு ஒட்டியிருக்கும் ஸகரம் ‘இஸ்’ என்பதன் குறுக்கம்; ஆகையால் ‘இஸன்ட் ஹி’ என்று வரும். ‘ஹீஸ் கான் டு லால்குடி’ என்பதில் அதே ஸகரம் ‘ஹாஸ்’ என்பதன் குறுக்கம். ஆகையால் ‘ஹாஸன்ட் ஹி’ என்று வரும். காதுக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்க, அடுத்து வரும் வினைச்சொல்லின் வடிவத்தைக் கொண்டுதான் எது என்று நிச்சயிக்க வேண்டும். அதுபோலவே, எதிர்மறைச் சொல் வெளிப்படையாக இல்லாவிட்டாலும் பொருளில் எதிர்மறை உறைந்திருக்கும் சொற்கள் உண்டு. ஜங்ஷனிலிருந்து ஸ்ரீரங்கம் செல்லும் ஒன்றாம் நம்பர் பஸ்ஸைக் குறித்து, அது காலியாக வருவது அரிது என்ற பொருளில் ‘செல்டம்’ என்ற சொல்லை வைத்துப் பேசினால், அந்தச் சொல்லே வாக்கியத்தை எதிர்மறையாக்கிவிடுவதால், ஒட்டு வினா ‘டஸ் இட்’ என்று உடன்பாடாகவே வரும். ‘நெவர்’, ‘ஹார்ட்லி’ என்பனவும் அவ்வாறே. ‘ஐ ஆம்’ என்று தொடங்கும் வாக்கியத்திற்கு மாத்திரம், நியமப்படி வரவேண்டிய வடிவம் வழக்கில் இல்லாமையால், ‘ஆர்ன்ட் ஐ’ என்று வருவது ஒரு விலக்கு. இவ்வளவும் பயிற்சியால் கைவரக்கூடியவை. விதி தெளிவாக இருப்பதால் புத்தகத்தைப் பார்த்தே கற்கலாம்.

புத்தகத்தைப் பார்த்துக் கற்க இயலாதது இனித்தான் வருகிறது. ரயிலில் கேட்ட அந்தப் பிரயாணி இருவேறு நிலைகளில் ஒருவராக இருக்கலாம். ஊருக்குப் புதியவராய், வண்டி ஸ்ரீரங்கத்தில் நிற்கும் என்று யாரோ சொல்லக் கேட்டு வந்து, அது மெய்தானா என்ற சந்தேகத்தோடு, மூட்டையை இறக்குவதா வேண்டாமா என்று தவிப்பவராக இருக்கலாம். அல்லது மாதந்தோறும் இதே வண்டியில் வந்து ஸ்ரீரங்கத்திலேயே இறங்குகிறவராய், எதிரே இருப்பவரும் அங்கேதான் இறங்கப்போகிறார் என்று அறிந்து, பேச்சுக்கு ஒரு தொடக்கமாக அதைச் சொன்னவராக இருக்கலாம். இருவர் வாயிலும் சொற்கள் ஒன்றே; எழுதினால் வினாக்குறியும் ஒன்றே. முன்னவர் ‘டஸன்ட் இட்’ என்பதைத் தாழ்ந்த குரலில் தொடங்கி மேலே ஏற்றுவார். பின்னவர் உயர்ந்த குரலில் தொடங்கிக் கீழே இறக்குவார். ஏறும் குரல், ‘எனக்குத் தெரியவில்லை, நீங்கள் சொல்லுங்கள்’ என்கிறது. இறங்கும் குரல், ‘நம் இருவருக்கும் தெரிந்ததே, ஒத்துக்கொள்ளுங்கள்’ என்கிறது. முன்னவருக்கு விடை வேண்டும். பின்னவருக்கு ஒரு தலையசைப்புப் போதும்.

இங்கே கவனிக்க வேண்டிய சூக்ஷ்மம் ஒன்று உண்டு. ஒட்டு வினாவுக்கு முன்னுள்ள செய்திப் பகுதி இரண்டு நிலைகளிலும் பெரும்பாலும் இறங்கும் குரலிலேயே முடிகிறது. ‘ஸ்ரீரங்கம்’ என்ற சொல்லில் குரல் இறங்கி ஒரு கணம் அமர்கிறது; அதன் பிறகு வருகிற ஒட்டு வினாவுக்குத் தனியாக ஒரு மெட்டு வைக்கப்படுகிறது. அந்த மெட்டின் அழுத்தம் ‘டஸன்ட்’ என்ற துணைவினையின் மேல் விழுகிறதே அன்றி, ‘இட்’ என்பதன் மேல் விழுவதில்லை. 1926-ஆம் ஆண்டில் ஆங்கிலப் பேச்சின் ஏற்ற இறக்கத்தைப் பற்றிக் கைந்நூல் எழுதிய லிலியஸ் ஆம்ஸ்ட்ராங்கும் ஐடா வார்டும், இறங்கி முடிவதை முதல் மெட்டு என்றும், ஏறி முடிவதை இரண்டாம் மெட்டு என்றும் வகுத்து, ஆங்கிலம் கற்கும் அந்நியர்களுக்கு விளக்கினார்கள். அவ்விரு மெட்டுக்களின் பிரிவினையை இக்காலத்து ஆராய்ச்சியாளர் மேலும் நுணுக்கமாக்கியிருந்தபோதிலும், ஒட்டு வினாவைக் கற்கிறவருக்கு அந்தப் பழைய இரட்டைப் பிரிவே இன்றும் போதுமானது.

குரல் ஏறுவதும் இறங்குவதும் எப்படி நிகழ்கின்றன? தொண்டையின் குரல்வளையில் இரண்டு மெல்லிய தசைமடிப்புக்கள் இருக்கின்றன. மூச்சு வெளிவரும்போது அவை திறந்து மூடி அதிர்வதால் சப்தம் பிறக்கிறது. பேச்சில் ஆண்களுக்கு அவை வினாடிக்குச் சுமார் 100 முதல் 120 தடவையும், பெண்களுக்குச் சுமார் 200 தடவையும் அதிர்வது சாதாரணம். குரல்வளையின் முன்புறத்திலுள்ள ஒரு சிறு தசை சுருங்கினால், அம்மடிப்புக்கள் நீண்டு மெலிந்து இறுக, அதிர்வு விரைவாகிச் சுருதி உயர்கிறது. தசை தளர்ந்தால் சுருதி தாழ்கிறது. பேசிக்கொண்டே போகையில் நெஞ்சிலிருந்து வரும் காற்றின் அழுத்தமும் குறைந்துகொண்டே வருவதால், ஒரு தொடரின் முடிவில் குரல் தானாகவே தாழும் சுபாவமுடையது. ஆகவே இறங்கி முடியும் குரல், பேசியவர் சொல்ல வேண்டியதைச் சொல்லி ஓய்ந்தார் என்பதற்கு இயற்கையான அடையாளம். ஓய வேண்டிய இடத்தில் தசையை மறுபடி இறுக்கிக் குரலை ஏற்றுவது முயற்சியோடு செய்யப்படும் காரியமாதலால், காரியம் இன்னும் முடியவில்லை, முடிப்பது உங்கள் பொறுப்பு என்ற குறிப்பு அதில் அமைகிறது. ஒன்றுக்கொன்று உறவில்லாத பல பாஷைகளிலும் கேள்வி உயர்ந்த குரலையும் நிச்சயம் தாழ்ந்த குரலையும் நாடுவதற்கு இதுவும் ஒரு காரணம் என்பார்கள்.

அளவைக் கொண்டு சொன்னால் இன்னும் விளங்கும். ஓர் ஆண்மகனின் குரல் ‘டஸன்ட்’ என்பதில் வினாடிக்கு 180 அதிர்வில் தொடங்கி, ‘இட்’ என்பதில் 90 அதிர்வுக்கு வந்து நின்றால், அது சங்கீதக் கணக்கில் ஒரு ஸ்தாயி முழுவதும் இறங்கிவிட்டது என்று பொருள். மேல் ஷட்ஜத்திலிருந்து கீழ் ஷட்ஜத்துக்கு வரும் அந்த இறக்கத்தைக் கேட்டவர் யாரும் அதைச் சந்தேகமாக எடுத்துக்கொள்ளமாட்டார். அதே குரல் 100 அதிர்வில் தொடங்கி 150-க்கு ஏறினால் ஷட்ஜத்திலிருந்து பஞ்சமத்துக்குப் போனதாகும். விடை சொல்லாமல் இருக்க முடியாத கேள்வி அது. சங்கீதத்தில் ஸ்வரஸ்தானம் சிறிது பிசகினாலும் குற்றமாகும். பேச்சிலோ 140 ஆனாலும் 160 ஆனாலும் பாதகமில்லை. எந்தத் திசையில் போகிறது என்பதே முக்கியம்.

தமிழ் பேசும் நமக்கு இது ஏன் கடினமாகத் தோன்றுகிறது என்பதற்குக் காரணம் நம் பாஷையின் அமைப்பிலேயே இருக்கிறது. அதே பிரயாணி தமிழில் பேசியிருந்தால், சந்தேகமுள்ள நிலையில் ‘வண்டி ஸ்ரீரங்கத்திலே நிக்குமா?’ என்றோ, ‘நிக்கும் இல்லையா?’ என்றோ கேட்டிருப்பார்; அறிந்த நிலையில் ‘ஸ்ரீரங்கத்திலேதான் நிக்குமே’ என்றோ, ‘நிக்கும்தானே’ என்றோ சொல்லியிருப்பார். சந்தேகம் எவ்வளவு, நிச்சயம் எவ்வளவு என்பதைக் காட்ட ஆகாரம், ஏகாரம், தானே, அல்லவா என்று வெவ்வேறு உருபுகளை வைத்திருக்கிறோம். குரலும் துணைசெய்கிறது என்றாலும் பெரும்பாரத்தைச் சொற்களே தாங்குகின்றன. பதின்மூன்றாம் நூற்றாண்டில் ஸ்ரீரங்கத்தில் நம்பிள்ளை திருவாய்மொழிக்குச் சொன்ன விளக்கங்களை வடக்குத் திருவீதிப் பிள்ளை ஏடுபடுத்திய ஈடு என்னும் வியாக்கியானத்தில், ‘இறே’ என்ற சிறு சொல் மீண்டும் மீண்டும் வருவதை அதைப் படித்தவர்கள் அறிவார்கள்; ‘அல்லவா’ என்ற பொருளில், சபையோருக்கு முன்பே தெரிந்ததை நினைப்பூட்டி அவர்களுடைய ஆமோதிப்பைப் பெறுவதற்காக வைக்கப்பட்டது அச்சொல். ஆங்கிலம் இறங்கும் குரலால் செய்வதை நம் முன்னோர் ஒரு சொல்லால் செய்து, எழுத்திலும் அதை நிலைநிறுத்தினார்கள். அதனால் குரலைக் கேட்காத நமக்கும் அவர்கள் கருத்து சந்தேகமின்றி வந்து சேருகிறது.

ஆங்கிலத்தின் ஏற்பாடு இதற்கு நேர்மாறானது. அங்கே ஒட்டு வினா வாக்கியத்துக்கு வாக்கியம் உருவம் மாறுகிறது. ஆனால் அந்த மாற்றம் எழுவாயையும் காலத்தையும் காட்டுகிறதே ஒழியப் பேசுகிறவர் மனத்தைக் காட்டுவதில்லை. மனத்தைக் காட்டும் வேலை குரலுக்கு விடப்பட்டிருக்கிறது. தமிழிலோ ‘இல்லையா’ எந்த வாக்கியத்திலும் மாறாமல் நிற்கும். ஆகையால்தான் நம்மவர் ஆங்கிலம் பேசும்போது எல்லா வாக்கியங்களுக்கும் ‘இஸன்ட் இட்’ என்ற ஒன்றையே ஒட்டி, ‘யூ ஆர் ஃப்ரம் ஸ்ரீரங்கம், இஸன்ட் இட்?’ என்று பேசுவது தேசமெங்கும் பரவிய வழக்கமாயிற்று. இது இந்தியர்களுக்கே உரிய குற்றம் என்று எண்ணுவதற்கில்லை. வேல்ஸ் தேசத்து ஆங்கிலத்திலும், லண்டன் நகரத்து இளைஞர் பேச்சிலும் இப்படிப்பட்ட மாறாத ஒட்டு வினா வழங்குகிறது. பரீக்ஷையில் இதற்கு மதிப்பெண் கிடைக்காது. ஆனால் சம்பாஷணையில் இதனால் பொருள் கெடுவது அபூர்வம். பொருள் கெடுவது வேறோர் இடத்தில். தமிழ்க் கேள்வியின் அடையாளம் வாக்கியத்தின் கடைசி எழுத்தாகிய ஆகாரத்தில் இருக்கிறபடியால், நம்மில் பலர் ஆங்கிலத்திலும் கடைசிச் சொல்லாகிய ‘இட்’ அல்லது ‘யூ’ என்பதையே தூக்கி முடிக்கிறோம். அறிந்ததைச் சொல்லும்போதும் அறியாததைக் கேட்கும்போதும் ஒரே தூக்கல் வருவதால், எதிரே இருப்பவர் எதற்கு விடை சொல்லுவது, எதற்குத் தலையசைப்பது என்று தெரியாமல் மயங்குகிறார்.

விடையிலும் ஒரு மயக்கம் காத்திருக்கிறது. ஸ்ரீரங்கத்தில் ரங்கா ரங்கா கோபுர வாசலில் வடதேசத்து யாத்ரீகர் ஒருவர், நடை சாத்தியிருக்காது என்ற நம்பிக்கையோடு, பூக்கடைக்காரரிடம் ‘தி டெம்பிள் இஸன்ட் க்ளோஸ்ட் யெட், இஸ் இட்?’ என்று கேட்பதாக வைத்துக்கொள்வோம். கடைக்காரர் தமிழ் வழக்கப்படி, ‘ஆமாம், இன்னும் சாத்தவில்லை’ என்று மனத்தில் நினைத்து, ‘யெஸ்’ என்று மாத்திரம் சொல்லிவிடுகிறார். தமிழில் ‘ஆமாம்’ என்பது கேட்டவர் சொன்ன வாக்கியத்தை ஆமோதிக்கிறது; ஆங்கிலத்தில் ‘யெஸ்’ என்பதோ காரியம் உடன்பாடானது, அதாவது நடை சாத்தியாயிற்று என்று உணர்த்துகிறது. கேட்டவர் ஆங்கில மரபில் ஊறியவராயின் சேவிக்காமலேயே திரும்பிவிடக்கூடும். இத்தகைய இடத்தில் ‘நோ, இட் இஸன்ட்’ என்று துணைவினையையும் சேர்த்துச் சொல்லுவதே உத்தமம். ‘யெஸ்’, ‘நோ’ என்ற ஒற்றைச் சொல் தவறினாலும், பின்னால் வரும் ‘இஸன்ட்’ உண்மையைக் காப்பாற்றிவிடும்.

இறங்கும் குரலின் வலிமை முழுமையாக வெளிப்படும் இடம் நியாயஸ்தலம். விடையை உள்ளே வைத்துக்கொண்டு கேட்கப்படும் கேள்வியை 1872-ஆம் வருஷத்து இந்தியச் சாட்சியச் சட்டம் தனியே வரையறுத்து, அத்தகைய கேள்வியைக் குறுக்கு விசாரணையில் கேட்கலாம் என்று அனுமதித்தது. 2024 ஜூலை முதல் அதன் இடத்துக்கு வந்திருக்கும் பாரதிய சாட்சிய அதினியமும் அவ்விதியை வைத்துக்கொண்டிருக்கிறது. ‘யூ வேர் அட் தி சத்திரம் பஸ் ஸ்டாண்ட் தட் நைட், வேர்ன்ட் யூ?’ என்று வக்கீல் குரலை இறக்கி முடித்தால், அது உருவத்தில் கேள்வியாக இருந்தும், சாட்சி அன்றிரவு அங்கே இருந்தார் என்ற கூற்றாகவே அவர்மேல் வந்து விழுகிறது. மறுப்பதற்கு அவர் தைரியத்தைத் திரட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதே சொற்களைக் குரலை ஏற்றிக் கேட்டால், இருந்திருக்கலாம், இல்லாமலும் இருந்திருக்கலாம் என்ற இடைவெளி சாட்சிக்குக் கிடைக்கிறது. வாக்குமூலம் எழுத்தில் ஏறும்போது இவ்விரு குரல்களுக்கும் உள்ள வித்தியாசம் மறைந்துவிடுகிறது என்பதை, பிற்பாடு அந்தக் காகிதங்களைப் படிக்கிறவர் மறக்கலாகாது.

ஏறும் குரல் எப்போதும் அறியாமை, இறங்கும் குரல் எப்போதும் நிச்சயம் என்று இரும்பு விதியாகக் கொள்ளுவதற்கும் இல்லை. மரியாதைக்காகவே குரலை ஏற்றி, தமக்குத் தெரிந்ததையும் எதிரே இருப்பவரிடம் ஒப்படைப்பதுபோல் பேசும் நல்லவர்கள் உண்டு. வாக்கியத்தை மாற்றாமல் உடன்பாட்டுக்கு உடன்பாட்டையே ஒட்டி, ‘ஸோ யூ ஆர் ஃப்ரம் ஸ்ரீரங்கம், ஆர் யூ?’ என்று கேட்கும் வகையும் ஒன்று இருக்கிறது. பேச்சினிடையே தாம் ஊகித்ததை வெளியிடும்போது வருவது அது. குரல் அங்கே ஏறி முடிந்தாலும், அதில் சந்தேகத்தைவிடப் புதிதாக அறிந்துகொண்ட ஆவலே மிகுதி. எனினும் கற்கத் தொடங்குகிறவர் முதலில் ஏற்றம், இறக்கம் என்ற இரண்டையும் தெளிவாகப் பிரித்துச் சொல்லப் பழகிய பிறகே இவற்றின் அருமையை உணர முடியும்.

அந்தப் பழக்கத்துக்குப் பெரிய சாதனங்கள் வேண்டியதில்லை. வகுப்பில் ஆசிரியர் ஒரே வாக்கியத்தை ஒரு மாணவரிடம் கொடுத்து, இரண்டு நிலைகளில் எதை மனத்தில் கொண்டு சொல்லுகிறார் என்பதை அறிவிக்காமல் சொல்லச் செய்யவேண்டும். மற்றொரு மாணவர் அதைக் காதால் மாத்திரம் கேட்டு, கேள்வி என்று தோன்றினால் விடை சொல்லவும், ஆமோதிப்பை நாடுவது என்று தோன்றினால் தலையசைக்கவும் வேண்டும். சொன்னவர் கருதியதும் கேட்டவர் செய்ததும் ஒத்து வந்தால் மெட்டு சரி. ஒத்து வராவிட்டால், சொற்களை விட்டுவிட்டு ‘டஸன்ட் இட்’ என்பதன் ஏற்றத்தையும் இறக்கத்தையும் வெறும் ஹூங்காரமாக முனகிப் பார்த்து, பிறகு அதன்மேல் சொற்களை ஏற்றவேண்டும். தனியாகப் பழகுகிறவர் கைபேசியில் பதிவுசெய்து கேட்டாலே, அழுத்தம் ‘டஸன்ட்’ மேல் விழுந்ததா, ‘இட்’ மேல் விழுந்ததா என்பது தெரிந்துவிடும். ஆம்ஸ்டர்டாம் சர்வகலாசாலையைச் சேர்ந்த இருவர் உருவாக்கி இலவசமாக வழங்கும் ப்ராட் என்ற கணினி நிரலில் அந்தப் பதிவைக் கொடுத்தால், குரல் ஏறிய வழியும் இறங்கிய வழியும் கோடாகவே திரையில் தெரியும்.

கோடிட்ட இடத்தை நிரப்பும் வினாவுக்கு இன்று செலவாகும் காலத்தில் ஒரு பகுதியையேனும் இந்தப் பயிற்சிக்கு ஒதுக்குவது நியாயமென்று நான் கருதுகிறேன். ‘டஸன்ட் இட்’ என்ற இடத்தில் ‘இஸன்ட் இட்’ என்று சொன்ன மாணவரின் பேச்சு, திருச்சிராப்பள்ளியிலும் லண்டனிலும் ஒருவாறு புரிந்துகொள்ளப்படும். ஐயத்தோடு கேட்க வேண்டியதைத் தீர்மானமாகவும், தீர்மானமாகச் சொல்ல வேண்டியதை ஐயத்தோடும் சொன்னவரின் பேச்சோ, இலக்கணத்தில் ஒரு பிழையும் இல்லாதிருந்தும் தவறாகவே புரிந்துகொள்ளப்படும். எழுத்துப் பரீக்ஷை முதற்பிழையை மாத்திரமே காண வல்லது. இரண்டாவதைக் காண்பதற்கு மாணவரைப் பேசவைத்துக் காதால் கேட்பதைத் தவிர வேறு வழியில்லை.